ரூட்டர் கடிகாரமும் நேர மண்டலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், பாபநாசம், நீடாமங்கலம் பக்கத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெட் இணைப்பு அமைத்துக் கொடுப்பது என் வேலை. "பிள்ளைக்கு வைத்த நேரக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை", "லாக்கில் தேதி தப்பாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ரூட்டர் கடிகாரத்தில்தான் போய் முடிகின்றன. அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பையனுக்கு ராத்திரி பத்து மணியிலிருந்து காலை அஞ்சு மணி வரை நெட் நிற்கணும்னு வச்சேன். ராத்திரி ஓடுது, காலையில எழுந்தா நெட் இல்ல. ஏன் அண்ணே?

இந்தக் கேள்வி நீடாமங்கலத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்தது. பையன் பிளஸ் டூ. அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார், காலையில் வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் வரும். விதியை 22:00 முதல் 05:00 வரை என்று சரியாகத்தான் வைத்திருந்தார்கள். பையனின் கைபேசியோடு அம்மாவின் கைபேசியையும் அதே பட்டியலில் தெரியாமல் சேர்த்திருந்ததால், காலையில் அவருக்கும் நெட் வரவில்லை.

நெட் சரியாக எத்தனை மணிக்கு நிற்கிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று ஒரு நாள் மட்டும் குறித்து வைக்கச் சொன்னேன். விடியற்காலை 3:30க்கு நின்று காலை 10:30க்கு வருகிறது என்றார்கள். அங்கேயே விடை கிடைத்துவிட்டது. வைத்த நேரம் இரவு 10, நடந்த நேரம் 3:30. இடையில் ஐந்தரை மணி நேரம். காலை 5 மணிக்கும் 10:30 மணிக்கும் இடையிலும் அதே ஐந்தரை மணி நேரம்தான். நம் இந்திய நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த ரூட்டர் நேர மண்டலம் எதுவும் வைக்கப்படாமல் யூடிசியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரத்தில் இரவு பத்து ஆகும்போது நம் வீட்டில் கோழி கூவும் நேரம் நெருங்கியிருக்கும்.

விதியில் எதையும் தொடவில்லை. நேர மண்டலத்தை மட்டும் மாற்றினோம், அன்று இரவே பத்து மணிக்கு நின்றது. இப்படிப்பட்ட வீடுகளில் பலர் விதியின் நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். 16:30 என்று வைத்தால் இரவு பத்துக்கு நிற்கும்தான். ஆனால் கிழமை வாரியாக விதி வைத்தால் குழம்பும், ரூட்டர் நடந்ததை எழுதி வைக்கும் லாக்கும் தப்பாகவே இருக்கும், நாளைக்கு யாராவது நேர மண்டலத்தைச் சரி செய்தால் சாயங்காலம் நாலரைக்கே நெட் நின்றுபோகும். கடிகாரத்தைச் சரி செய்வதுதான் வழி.

ரூட்டர் கடிகாரம் தப்பா சரியான்னு எங்க பார்க்கிறது?

ரூட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலும் `192.168.0.1` அல்லது `192.168.1.1`. அதே வைஃபையில் இருந்துகொண்டு பிரவுசரில் அதைத் தட்டி, ரூட்டரின் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போங்கள். அது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. உள்ளே `System Tools`, `Administration`, `Management`, `Advanced` என்று ஏதோ ஒரு பெயரில் ஒரு பகுதி இருக்கும். அதற்குள் `Time Settings` அல்லது `System Time` என்று தேடுங்கள். அந்தப் பக்கத்தில் இப்போதைய நேரம் தெரியும். கைபேசியை அருகில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தப்பு என்று தெரிந்ததும் உடனே மாற்றிவிடாதீர்கள். எவ்வளவு தப்பு என்று முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வித்தியாசமே காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் நீடாமங்கலம் வீட்டுக் கதைதான், மண்டலம் யூடிசியில் இருக்கிறது. இரண்டரை மணி நேரம் முன்னால் இருந்தால் சீன நேரம், தயாரித்த இடத்தில் வைத்தது அப்படியே வந்திருக்கிறது. பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருந்தால் அமெரிக்க மேற்குக் கரை நேரம். அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் அது பன்னிரண்டரையாகக் குறையும். சரியாக ஒரு மணி நேரம் முன்னால் ஓடினால் கோடை நேரக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது. அரை மணி நேரம் வித்தியாசம் என்றால் பட்டியலில் நமக்கு மேலேயோ கீழேயோ உள்ள +5:00 அல்லது +6:00 வரியைத் தொட்டிருக்கிறார்கள். கால் மணி நேரம் முன்னால் என்றால் காத்மாண்டு, அது +5:45.

இவற்றில் எல்லாம் வித்தியாசம் முழு மணியாகவோ அரை, கால் மணியாகவோ நிற்கும். 7 நிமிடம், 23 நிமிடம் என்று ஒழுங்கில்லாத வித்தியாசம் வந்தால் நேர மண்டலத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. யாரோ கையால் வைத்த நேரம் அது, ரூட்டர் வெளியிலிருந்து நேரம் வாங்கவில்லை. ஆண்டே தப்பாக இருந்தாலும் அதே காரணம்தான்.

ரூட்டர் நேரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. உலகப் பொது நேரம் இப்போது என்ன என்பதை இணையத்திலிருந்து வாங்குவது ஒன்று. அதனோடு எவ்வளவு கூட்டி நமக்குக் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது என்டிபி என்ற முறையில் நடக்கிறது, இரண்டாவதுதான் நேர மண்டலம். ஒன்று சரியாக இருந்து மற்றது தப்பாக இருப்பது சர்வ சாதாரணம்.

பட்டியல்ல எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கணும்? எங்க ரூட்டர்ல சென்னையே இல்லை.

`GMT+05:30` என்ற எண்ணைப் பாருங்கள், ஊர்ப்பெயர் அடுத்ததுதான். புதிய பெட்டிகளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் `Chennai, Kolkata, Mumbai, New Delhi` என்று இருக்கும். பழைய பெட்டியில் அதே வரியில் `Bombay, Calcutta, Madras, New Delhi` என்று பழைய பெயர்கள் இருக்கும், அதுவும் நம்முடையதுதான். ஊர்ப்பெயர் வாரியாகப் பட்டியல் போட்டிருந்தால் `Asia/Kolkata` அல்லது `Asia/Calcutta`. இந்தியா முழுமைக்கும் ஒரே மண்டலம் என்பதால் சென்னை என்று தனியாகத் தேட வேண்டாம்.

பழைய பெட்டிகளில் ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் எதிர்க்கரை என்பதால் சிலர் இலங்கையின் `Sri Jayawardenepura` வரியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். இலங்கை 2006 ஏப்ரலில்தான் மறுபடி +5:30க்கு வந்தது. அதற்கு முன் எழுதிய பட்டியலை அப்படியே வைத்திருக்கும் பெட்டிகளில் அந்த ஊர் +6:00 என்று இருக்கும். அதைத் தொட்டால் அரை மணி நேரம் முன்னால் ஓடும்.

கோடை நேரத்துக்கான கட்டம் `Daylight Saving` என்ற பெயரில் இருக்கும். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை, டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கையாலேயே நேரத்தை வச்சுட்டேன். ஆனா கரண்ட் போய் வந்தா மறுபடி தப்பாயிடுது.

கைக்கடிகாரத்துக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. கம்ப்யூட்டரின் போர்டிலும் ஒன்று இருக்கிறது, அதனால் பிளக்கைப் பிடுங்கினாலும் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் அந்தப் பேட்டரியே கிடையாது. மின்சாரம் நின்றதும் எண்ணுவது நிற்கும். திரும்ப வந்ததும் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். சில பெட்டிகளில் அது 1970 ஜனவரி 1, சிலவற்றில் உள்ளிருக்கும் மென்பொருளைத் தயாரித்த தேதி.

எனவே `Manual` என்று வைத்த நேரம் அடுத்த மின்தடை வரைக்கும்தான். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் காற்றடித்தால் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். டெல்டாவில் கையால் வைத்த நேரம் ஒரு மாதம் தாங்கினாலே அதிகம். `Get from PC` என்று ஒரு பொத்தான் இருக்கும், கம்ப்யூட்டரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். பார்க்கத் தானாக நடப்பது போலத் தோன்றும். ஆனால் அதுவும் ஒரு முறை வைப்பதுதான், மின்சாரம் போனால் அதுவும் போகும்.

தானாக நேரம் வாங்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். `Automatic`, `NTP`, `Get from Internet`, `Get GMT` என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அப்படி வைத்தால் மின்சாரம் வந்து, நெட் இணைந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் ரூட்டர் தானே நேரத்தை வாங்கிக்கொள்ளும்.

இதற்கு நெட் வர வேண்டும் என்பதுதான் எல்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் ஜெனரேட்டர் வைத்துப் பெட்டிகளை ஓட்டியவர்கள் உண்டு. மின்சாரம் இருந்தது, கேபிள் அறுந்து கிடந்தது. வீட்டுக்குள் வைஃபை வேலை செய்தாலும் கடிகாரம் நேரம் வாங்க வழியில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மட்டும் கையால் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி ரூட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றைப் போட்டால், அரை மணி, ஒரு மணி நேர மின்தடைகளில் பெட்டி அணையாது, கடிகாரமும் நிற்காது. வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் 12 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பெட்டிகளும் இருக்கின்றன.

நேர சர்வர்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. அதுல என்ன போடணும்?

நான் இந்த இரண்டைப் போடுகிறேன்:

```
time.nplindia.org
in.pool.ntp.org
```

முதலாவது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது. இந்திய நேரத்தைப் பராமரிக்கும் பொறுப்பு அவர்களுடையது. இரண்டாவது, தன்னார்வலர்கள் நடத்தும் பல சர்வர்களின் தொகுப்பில் இந்தியாவுக்கான பெயர். ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றது சொல்லும், அதனால் இரண்டையும் போடுங்கள்.

இந்தியச் சர்வரைப் போட்டுவிட்டால் இந்திய நேரம் தானாக வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வராது. எந்த நாட்டு சர்வராக இருந்தாலும் யூடிசியைத்தான் கொடுக்கும், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது நம் பெட்டியின் வேலை. சர்வரை மட்டும் மாற்றிவிட்டு மண்டலத்தை விட்டுவிட்டால் ஐந்தரை மணி நேர வித்தியாசம் அப்படியே நிற்கும்.

பழைய சில பெட்டிகளில் இந்தக் கட்டம் பெயரை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். அப்போது `216.239.35.0` என்று கொடுக்கலாம், அது கூகுளின் பொது நேர சர்வரான `time.google.com` என்பதன் முகவரிகளில் ஒன்று.

நெட் நன்றாக ஓடுகிறது, பெயரும் சரியாகப் போட்டாயிற்று, பத்து நிமிடம் ஆகியும் தேதி மாறவில்லை என்றால் இரண்டு இடங்களில் பார்ப்பேன். ஒன்று, ரூட்டரில் வைத்திருக்கும் டிஎன்எஸ் முகவரி. அது தப்பாக இருந்தால் சர்வர் பெயரை எண்ணாக மாற்ற முடியாமல் ரூட்டர் நிற்கும். மேலே சொன்ன எண்ணைப் போட்டதும் நேரம் வந்துவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். எண்ணைப் போட்டும் வராவிட்டால், வழியில் யாரோ யுடிபி 123ஆம் போர்ட்டை மறிக்கிறார்கள். நேரம் கேட்பதும் பதில் வருவதும் அந்தப் போர்ட் வழியாகத்தான். ஃபைபர் பெட்டியின் ஃபயர்வாலில் அது மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் இணைப்புக் கொடுத்தவரிடம் "யுடிபி 123 வெளியே போகிறதா" என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். "டைம் வரலை" என்று சொன்னால் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யத்தான் சொல்வார்கள்.

லாக்ல 1970 ஜனவரி 1னு வருதே, யாராவது உள்ள புகுந்துட்டாங்களா?

இல்லை, பயப்பட வேண்டாம். இந்தப் பெட்டிகள் நேரத்தை 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு முதல் எத்தனை நொடி என்று எண்ணி வைக்கின்றன. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தத் தேதிதான் தெரியும்.

அந்த வரியில் மணி என்ன என்றும் பாருங்கள். அதில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. லாக் 05:30ல் தொடங்கினால் நேர மண்டலம் சரியாக +5:30ல் இருக்கிறது, நேரம் மட்டும் இன்னும் இணையத்திலிருந்து வரவில்லை. 00:00ல் தொடங்கினால் பெரும்பாலும் மண்டலமும் வைக்கப்படவில்லை.

மின்தடைக்குப் பிறகு ஒரு சாதாரண லாக் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Jan  1 05:30:21 pppoe: connecting
Jan  1 05:30:58 pppoe: connected
Jan  1 05:31:05 ntp: request sent
Nov 18 16:42:10 ntp: time set
Nov 18 16:42:31 dhcp: 192.168.1.23
```

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் 1970லிருந்து நவம்பர் 18க்கு ஒரே தாவல். இரண்டு வரிகளும் உண்மையில் ஒரே நொடியில், அல்லது ஒன்றிரண்டு நொடி இடைவெளியில் நடந்தவை. எனவே ரூட்டரின் 05:31:05 என்பது நம் நேரப்படி மாலை 16:42:10. இதை வைத்துப் பின்னோக்கிப் போகலாம். கடிகாரம் 05:30:00ல் தொடங்கியது, நேரம் கிடைத்தது 65 நொடி கழித்து. 16:42:10லிருந்து 65 நொடியைக் கழித்தால் 16:41:05. ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் மின்சாரம் திரும்பி வந்திருக்கிறது. நெட் இணைந்தது 05:30:58, அதாவது தாவலுக்கு 7 நொடி முன்னால், 16:42:03.

பாபநாசத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு இது உதவியது. தினமும் மதியம் நெட் விட்டுவிட்டு வருகிறது, லைனில்தான் கோளாறு என்று கடைக்காரர் நினைத்திருந்தார். லாக்கில் ஒவ்வொரு முறையும் 1970 வரிகள் இருந்தன. லைன் மட்டும் அறுந்து வந்திருந்தால் கடிகாரம் தொடர்ந்து ஓடியிருக்கும், தேதி பின்னுக்குப் போயிருக்காது. 1970 வருகிறது என்றால் பெட்டியே அணைந்து எரிந்திருக்கிறது. பார்த்தால் ரூட்டரும் பெரிய ஜெராக்ஸ் மெஷினும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன, பிளக் முனை தளர்ந்திருந்தது. ரூட்டரைத் தனி சுவிட்சுக்கு மாற்றியதும் நின்றது.

பல ரூட்டர்களில் லாக் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது, அணைந்தால் பழைய வரிகள் அழிந்துவிடும். அந்தக் கடை ரூட்டர் லாக்கைச் சேமித்து வைக்கும் வகை என்பதால்தான் இதைப் பார்க்க முடிந்தது. உங்களுடையது சேமிக்காத வகை என்றால், மின்சாரம் வந்த பிறகு எழுதிய வரிகள் மட்டுமே மிஞ்சும்.

ஃபைபர் பெட்டி ஒண்ணு, நான் வாங்கின ரூட்டர் ஒண்ணு, ரெண்டு இருக்கு. எதுல சரி பண்ணணும்?

விதி எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, அந்தப் பெட்டியின் கடிகாரம்தான் கணக்கு. பிள்ளைக்கான நேரக் கட்டுப்பாட்டை உங்கள் ரூட்டரில் வைத்திருந்தால் ஃபைபர் பெட்டியின் நேரம் எப்படி இருந்தாலும் அது பாதிக்காது. ஆனால் ஃபைபர் பெட்டியும் தன் வைஃபையை வீசிக்கொண்டிருந்தால், பிள்ளை அதில் போய் ஒட்டிக்கொள்ளலாம், உங்கள் விதிக்கு அங்கே வேலை இல்லை. அந்த வைஃபையை அணைத்துவிடுங்கள்.

லாக்குகளை ஒப்பிட வேண்டியிருந்தால் இரண்டிலும் நேரத்தைச் சரி செய்யுங்கள். ஃபைபர் பெட்டியில் ஒரு சிக்கல் வரலாம். இணைப்புக் கொடுத்தவர்கள் அதைத் தொலைவிலிருந்தே நிர்வகிப்பார்கள், நீங்கள் வைத்ததை அவர்கள் அமைப்பு சில நாளில் மாற்றிவிடும். அப்படி மாறினால் நீங்கள் மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களிடமே சொல்லி அங்கிருந்தே +5:30 வைக்கச் சொல்லுங்கள், விதிகளை உங்கள் ரூட்டரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிசிடிவி ரெக்கார்டர் நேரமும் ரூட்டரைப் பார்த்துத்தான் ஓடுமா?

ஓடாது. அதற்குத் தனிக் கடிகாரம், தனி நேர மண்டலம். அதன் மெனுவிலும் தனியாக +5:30 வைத்து, அதே நேர சர்வரைப் போடுங்கள்.

கடிகாரம் இப்ப சரியா இருக்கு. ஆனாலும் பத்து மணிக்கு நிக்க மாட்டேங்குது.

நள்ளிரவைத் தாண்டும் விதியைச் சில பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை. 22:00 முதல் 05:00 வரை என்றால், தொடக்கத்தைவிட முடிவு சின்ன எண்ணாக இருப்பதால் விதியையே விட்டுவிடும், அல்லது சேமிக்கும்போதே தப்பு என்று சொல்லும். அப்போது இரண்டாகப் பிரியுங்கள்: 22:00 முதல் 23:59 வரை ஒன்று, 00:00 முதல் 05:00 வரை ஒன்று. பெட்டி 24:00 என்று ஏற்றால் 23:59க்குப் பதில் அதையே போடுங்கள், அந்த ஒரு நிமிட இடைவெளி இருக்காது.

பிரித்த பிறகு கிழமைகளில் கவனம் வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும் இரவுகளில் மட்டும் நிறுத்த நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவை ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகள். முதல் விதிக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை சரி. இரண்டாவது விதி நள்ளிரவுக்குப் பிறகு ஓடுவதால் அதற்குத் திங்கள் முதல் வெள்ளி வரை. இரண்டுக்கும் ஒரே கிழமைகளைப் போட்டால், ஞாயிறு விடியற்காலையில் தேவையில்லாமல் நிற்கும், வெள்ளி விடியற்காலையில் நிற்க வேண்டியது நிற்காது.

அடுத்தது, பத்து மணிக்கு முன்பே ஓடத் தொடங்கிய வீடியோ. சில ரூட்டர்கள் புதிய இணைப்புகளை மட்டும்தான் மறிக்கும். ஏற்கெனவே திறந்த இணைப்பு முடியும் வரை ஓடும். 10:10க்குப் புதிதாக ஒரு பக்கம் திறந்து பாருங்கள். அது வராமல், பழைய வீடியோ மட்டும் ஓடினால் இதுதான் காரணம். விதி தொடங்கும் நேரத்தை அரை மணி நேரம் முன்னால் வைத்தால் நடைமுறையில் சரியாகிவிடும்.

கைபேசியின் அடையாள எண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம். விதி பெரும்பாலும் அந்த மேக் முகவரியை வைத்துத்தான் ஓடுகிறது. இப்போதைய கைபேசிகள் வைஃபையில் சேரும்போது உண்மையான முகவரிக்குப் பதில் ஒரு மாற்று முகவரியைக் கொடுக்கின்றன. நெட்வொர்க்கை மறந்துவிட்டு மறுபடி சேர்த்தால் சில கைபேசிகளில் அது மாறிவிடும். பிள்ளையின் கைபேசியில் உங்கள் வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்திவிட்டு, உண்மையான முகவரியை விதியில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவது. இரவு பதினொரு மணிக்கு ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் கையால் வைத்த நேரம் போய்விடும். 1970ல் தொடங்கும் பெட்டி என்றால் அதற்கு அப்போது வியாழக்கிழமை காலை 5:30. விதி ஐந்து மணிக்கே முடிந்தாயிற்று, இரவு முழுக்க நெட் திறந்திருக்கும். தானாக நேரம் வாங்கும் முறையில் இருந்தால் இந்த ஓட்டை ஒன்றிரண்டு நிமிடத்தில் மூடிக்கொள்ளும்.

என்கிட்ட ஓபன்டபிள்யூஆர்டி போட்ட ரூட்டர். அதுல எப்படி?

வெப் பக்கத்தில் `System` என்பதற்குள் நேர மண்டலமாக `Asia/Kolkata` தேர்ந்தெடுத்தால் போதும். கட்டளையாக என்றால்:

```
uci set system.@system[0].zonename='Asia/Kolkata'
uci set system.@system[0].timezone='IST-5:30'
uci commit system
/etc/init.d/system reload
/etc/init.d/cron restart
```

`IST-5:30` என்பதில் கழித்தல் குறியைப் பார்த்துப் பலர் தப்பு என்று நினைத்து கூட்டல் போட்டுவிடுகிறார்கள். இந்த எழுத்து முறையில், நம் நேரத்தோடு எதைச் சேர்த்தால் யூடிசி வரும் என்று எழுத வேண்டும். நாம் முன்னால் இருப்பதால் கழிக்க வேண்டும். கூட்டல் போட்டால் கடிகாரம் பதினோரு மணி நேரம் பின்னால் போகும். பிறகு `date`, `date -u` இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், முதலாவது இரண்டாவதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். கடைசி வரியில், குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் கிரானை மறுபடி தொடங்கியது, பழைய மண்டலத்திலேயே அது ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக.

தினமும் விடியற்காலை ரூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்று சிலர் கிரானில் வெறும் `reboot` எழுதி வைக்கிறார்கள். பேட்டரி இல்லாத பெட்டியில் அது ஆபத்து. இந்த மென்பொருள் எழும்போது `/etc` அடைவில் கடைசியாக மாறிய கோப்பின் நேரத்தைத் தன் கடிகாரமாக எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் 4:30க்குச் சற்று முன்னால் இருந்துவிட்டால், எழுந்த சிறிது நேரத்தில் மறுபடி 4:30 வரும், மறுபடி ரீஸ்டார்ட் ஆகும், இது சுழன்றுகொண்டே இருக்கும். இப்படி எழுதுங்கள்:

```
30 4 * * * sleep 70 && touch /etc/banner && reboot
```

70 நொடி காத்திருப்பதால் 4:30 கடந்துவிடுகிறது. `touch` அந்தக் கடந்த நேரத்தை ஒரு கோப்பில் பதிய வைக்கிறது. எழுந்ததும் கடிகாரம் 4:31க்குப் பிறகுதான் தொடங்கும்.

எல்லாம் வச்சாச்சு. நிலைச்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டுச் செருகுங்கள். விளக்குகள் எல்லாம் எரிந்து நெட் வந்து ஐந்து நிமிடம் கழித்து ரூட்டர் பக்கத்தில் நேரத்தைப் பாருங்கள். கைபேசியோடு மணியும் நிமிடமும் ஒத்துப்போனால் இணையத்திலிருந்து நேரம் வருகிறது, மண்டலமும் தங்கியிருக்கிறது. நேரம் பழையபடி தப்பாக வந்தால் `Save` அழுத்தாமல் வெளியே வந்திருப்பீர்கள், அல்லது இன்னும் `Manual` முறையிலேயே இருக்கிறது.

பிறகு விதியைச் சோதியுங்கள். பத்து மணி வரை காத்திருக்க வேண்டாம். இப்போது மாலை 6:10 என்றால், 18:15 முதல் 18:25 வரை ஒரு தற்காலிக விதியைப் பிள்ளையின் கைபேசிக்கு வையுங்கள். அந்தக் கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வைஃபை நின்றது தெரியாது. 18:16க்குப் புதிய பக்கம் ஒன்று திறக்கக் கூடாது, 18:26க்குத் திறக்க வேண்டும். இரண்டும் நடந்தால் தற்காலிக விதியை அழித்துவிட்டு உண்மையான விதியை வையுங்கள்.